ஹாலில் நாய்க்கு ஒரு மூலை: மெத்தையா, கட்டிலா?

எங்கள் நாய் 20 கிலோ. நீள முடி, போதாக்குறைக்கு முகவாயில் தாடி. ஹாலில் அதற்கு ஒரு மூலை ஒதுக்கியபோது முதலில் வாங்கியது வட்ட வடிவப் பஞ்சு மெத்தை. பார்க்க அழகுதான். ஆனால் புசுபுசுவென்ற துணியில் முடி பின்னிக்கொண்டு, வாக்குவம் வைத்தாலும் வர மறுத்தது. உறையைத் தனியாகக் கழற்றவும் முடியாது. மொத்தமாகத் துவைத்தால் உள்ளே பஞ்சு கட்டிதட்டும், சரியாகக் காயாது, பிறகு நாற்றம் பிடிக்கும்.

அடுத்து வந்தது வலைத்துணி இழுத்துக் கட்டிய தாழ்வான கட்டில். முடி மேலே தங்காமல் கீழே உதிர்கிறது, கட்டிலைத் தூக்கிவிட்டுப் பெருக்கினால் போதும். வயதான, மூட்டுவலி உள்ள நாய்க்கு மட்டும் இது போதாது. அதற்குக் கெட்டியான நுரை மெத்தை வேண்டும். அப்படி வாங்கினால் ஜிப் வைத்த உறை, அதற்குள் நீர்புகா உறை, நெருக்கமாக நெய்த வழவழப்பான துணி, மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் நாயின் முடியை ஒட்டி இருக்கட்டும். வெள்ளை நாய்க்குக் கருநீல மெத்தை வாங்கினால் தினமும் வருந்த வேண்டியதுதான். அளவுக்கு, நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விரிப்பில் போட்டி சிலிக்கானுக்கும் துணிக்கும். விளிம்பு உயர்ந்த சிலிக்கான் சிந்திய தண்ணீரைத் தேக்கி வைக்கும், துடைப்பதும் சுலபம். ஆனால் எங்கள் தாடிக்காரர் குடித்து முடித்ததும் நாலடி நடந்து சொட்டுவார். அந்தச் சொட்டுகளுக்குச் சிலிக்கானால் ஆவது ஒன்றுமில்லை. உறிஞ்சும் மைக்ரோஃபைபர் துணி அவற்றைப் பிடிக்கும், ஆனால் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை துவைக்காவிட்டால் அதுவே நாறும். அதனால் கிண்ணங்களுக்கு அடியில் சிலிக்கான், நாய் நடந்து போகும் பக்கம் ஒரு நீளத் துணி. சிலிக்கானை வாரம் ஒருமுறையாவது தூக்கி அடிப்புறம் கழுவுங்கள், அங்கே ஈரம் சிக்கி வழவழப்புப் படியும். மரத்தரை என்றால் அந்த ஈரம் கறையாகவே நின்றுவிடும்.

நாய் தாண்டிப் போகாமல் வழியில் வைக்கும் தடுப்புக் கதவுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சுவரில் அழுத்தி நிற்கும் வகைக்குத் துளை போட வேண்டாம். ஆனால் பெயிண்டில் வட்டத் தழும்பு விழும், கீழ்ச்சட்டம் காலை இடறும். மாடிப்படியின் உச்சியில் அதை வைக்கவே கூடாது. அங்கே திருகாணி போட்டதுதான். சுருட்டி மறையும் வலைத் தடுப்பு திறந்திருக்கையில் கண்ணிலேயே படாது. அழகில் அதற்கே முதலிடம். பிறாண்டும், அடியில் மூக்கை நுழைக்கும் நாயிடம் மட்டும் அது தாங்காது. எங்களுடையது சோம்பேறி என்பதால் வலையே போட்டிருக்கிறோம்.