தனியாள் கேமராவில் ஃபோகஸ்: குறியா, கண் மதிப்பா, ஒத்திகையா?

கேமராவும் ஃபோகஸும் ஒரே ஆளின் கையில் இருக்கும் படப்பிடிப்பில், பின்னணி மங்கலான ஷாட்டுக்கு மூன்று வழிகள் உண்டு. தரையிலும் லென்ஸிலும் குறி போட்டுத் திருப்பலாம். நடிப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கண்ணால் கணித்து லென்ஸின் ஃபோகஸ் ரிங்கை நகர்த்தலாம். அல்லது குறியே இல்லாமல், ஒத்திகையிலேயே கையைப் பழக்கிவிடலாம். புதுச்சேரியில் குறும்பட வேலைகளுக்கு மூன்றையும் பயன்படுத்திவிட்டு, இப்போது நான் குறியின் பக்கம்தான். முகம் கண்டுபிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இன்று நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஃபோகஸ் எங்கே, எந்த நொடியில் மாற வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டிய ஷாட்டுகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். வைசியாள் வீதிப் பக்கம் திண்ணை வைத்த பழைய வீடு. வயதான அம்மா வாசற்கதவிலிருந்து கேமராவை நோக்கி நடந்து வந்து, திண்ணை விளிம்பில் உட்கார வேண்டும். ஃபுல்ஃபிரேம் கேமரா, 50 எம்எம் லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 2. கதவு 4 மீட்டர் தள்ளி, உட்காரும் இடம் 1.2 மீட்டரில். கதவருகே ஃபோகஸுக்குள் இருக்கும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து முக்கால் மீட்டர் போல. 2 மீட்டருக்கு வரும்போது அது சுமார் 19 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. உட்காரும் இடத்தில் ஏழு சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதாவது கண் கூர்மையாக இருந்தால் காது மங்கத் தொடங்கிவிடும்.

கண் மதிப்பு இங்கேதான் அடிபடுகிறது. பழகிய கண்ணுக்கும் பத்தில் ஒரு பங்கு தப்பு வரும் என்று வைத்துக்கொண்டால், 2 மீட்டரில் அது 20 சென்டிமீட்டர். நமக்கு அங்கே இருப்பதோ பக்கத்துக்கு ஒன்பது, பத்துதான். தனி ஆளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய குழுவில் ஃபோகஸை மட்டும் கவனிக்கும் ஃபோகஸ் புல்லர் கேமராவுக்குப் பக்கவாட்டில் நிற்பதே, தூரம் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும் என்பதற்காக. நேர் பின்னாலிருந்து திரையைப் பார்ப்பவருக்கு முகம் பெரிதாவது தெரியும், எவ்வளவு நெருங்கியது என்று தெரியாது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் இறக்குவதை 35 எம்எம் லென்ஸில், எஃப் 5.6 வைத்துப் படம்பிடிக்கக் கண் மதிப்பு தாராளமாகப் போதும். அங்கே யாரையும் குறியில் நிற்கச் சொல்லவும் முடியாது. எஃப் 2-வில், அருகில், அதை நம்ப மாட்டேன்.

ஒத்திகை மட்டும் என்பது இதைவிடக் கொஞ்சம் நல்ல வழி. ஒரே ஒரு நகர்வு, வசனத்தில் தெளிவான இடம், ஒரே வேகத்தில் நடிப்பவர் என்று மூன்றும் அமைந்தால் கை தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் சாப்பிட்டு வந்து திரும்ப எடுக்கும்போது, அல்லது நடிப்பவர் சற்று நிதானித்து வரும்போது, கை காலையில் கற்ற வேகத்திலேயே ஓடும். இரண்டாவது டேக்கிலும் அதே இடத்தில் அதே கூர்மை கிடைக்குமா? எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு கேள்விதான். தவறு எங்கே நடந்தது என்று சொல்ல ஏதாவது நிலையாக இருந்தால்தான் அடுத்த டேக்கைத் திருத்த முடியும். ஒத்திகையில் நிலையானது எதுவும் இல்லை. குறியில் தரையும் ரிங்கும் நிலையாக நிற்கின்றன.

குறி என்றால் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என்று இரண்டு போட்டால் போதாது. அருகே வர வர ரிங் அதிகம் திரும்ப வேண்டும். மேலே சொன்ன ஷாட்டில் 4-லிருந்து 3 மீட்டருக்கு மொத்தத் திருப்பலில் ஏழில் ஒரு பங்குதான் செலவாகும். கடைசி 80 சென்டிமீட்டருக்கு மட்டும் பாதிக்கு மேல் போய்விடும். அந்த அம்மா சீராக நடந்தாலும் நம் கை சீராகத் திரும்பினால் நடுவில் முகம் மங்கும். அதனால் 4, 3, 2, 1.2 என்று நான்கு இடங்களிலும் அவரை நிற்க வைத்து, திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, ரிங்கில் ஒட்டிய வெள்ளைப் பேப்பர் டேப்பில் பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு போட வேண்டும். தூரத்திலிருந்து அருகே திருப்பியபடியே கோடு போடுங்கள். பழைய லென்ஸில் ரிங்குக்குச் சின்ன ஆட்டம் இருக்கும். எதிர்த்திசையில் திருப்பிப் போட்ட கோடு ஷாட்டில் மாறி விழும்.

கடைசிக் கோட்டைப் பார்க்க நேரம் கிடைக்காது. அந்த இடத்தில் ஒரு தீக்குச்சித் துண்டை டேப்புக்கு அடியில் வைத்து ஒட்டிவிடுவேன். விரலில் மேடு தட்டியதும் நிறுத்தினால் போதும். ஃபிரேம் அசையாத ஷாட் என்றால் முக்காலியைப் பூட்டிவிட்டுக் கேமராவின் இடப்பக்கம் வந்து நின்று, திரையை மறந்துவிட்டு, அவர் கால் குறியைத் தாண்டுவதையே பார்ப்பேன். 3, 2 மீட்டர்க் குறிகள் ஃபிரேமில் தெரியாதபடி சுவரோரம் சாக்பீஸ் கீறலாக இருக்கும்.

"கீழ பாக்காம எப்படிப்பா அங்க வந்து நிக்கிறது?" என்று அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. கடைசிக் குறியைத் தரையில் போடாமல், உடம்பே உணரும் பொருளில் வைக்க வேண்டும். திண்ணைத் தூணில் தோள் படுகிற மாதிரி உட்காரச் சொன்னோம். தூண் நகராது, அவரும் குனிந்து தேட வேண்டியதில்லை. ஒத்திகை இதற்குப் பிறகுதான் தேவை. குறிகளுக்கு நடுவே எந்த வேகம் என்பதைக் கைக்குச் சொல்லிக்கொடுக்க அது வேண்டும்.

குறிக்கும் எல்லை உண்டு. கேமராவை ஒரு சாண் நகர்த்தினாலும் எல்லாக் கோடும் செல்லாது. பல ஜூம் லென்ஸ்களில் ஜூமைத் தொட்டாலே திரும்பப் போட வேண்டும். ரிங்கை எவ்வளவு வேகமாகத் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்து ஃபோகஸை மாற்றும் மின்னணு லென்ஸில் கோடு நிலைக்கவே நிலைக்காது. கேமரா மெனுவில் லீனியர் என்று மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையேல் இரு முனையிலும் முட்டி நிற்கும் மேனுவல் லென்ஸ் வாங்குவதே நல்லது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் டேப் ஒட்டாது, காலடித் தடம் அடுத்த டேக்கில் தெரியும். அங்கே ஃபிரேமுக்கு வெளியே, அதே தூரத்தில் குச்சி நட்டு வைப்பது எனக்கு உதவியது. கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலில் நடந்துகொண்டே மோட்டாரால் ஃபோகஸ் திருப்புவதை அதிகம் செய்ததில்லை, அதனால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

டேக் முடிந்ததும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண் மங்கி, கொண்டையும் பின்னாலிருக்கும் தூணும் கூர்மையாக இருந்தால் கை தாமதித்திருக்கிறது. மூக்கு நுனியும் முன்னால் நீட்டிய கையும் கூர்மையாக இருந்தால் கை முந்திவிட்டது. எந்தக் குறியைத் தாண்டியபோது அப்படி ஆனது என்று பார்த்து, அந்த ஒரு கோட்டுக்கான வேகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த டேக் போகலாம். இரண்டு டேக்கிலும் சரிவரவில்லை என்றால் எஃப் 2.8-க்குப் போய்விடுவேன். 1.2 மீட்டரில் ஆழம் பத்து சென்டிமீட்டரை நெருங்கிவிடும், பின்னணியும் போதிய அளவு மங்கலாகவே இருக்கும்.