‘மென்மை 1 முதல் 10 வரை’: என் மேசை ரோபோ கையும் அதன் பாழாய்ப்போன ஸ்லைடரும்

இந்த மேசை ரோபோ கையின் விலை குறைந்ததும் நண்பர் ஒருவர் கேட்டார்: “நீங்க இதைத்தானே வெச்சிருக்கீங்க? இப்போ வாங்கலாமா?” ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கையின் விவரங்களை விற்பனைப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஸ்டெப்பர் மோட்டார், பெல்ட், முழுதாக நீட்டினால் 400 மி.மீ. நான் இதன் நுனியில் ஒரு சிறிய கேமராவைப் பொருத்தி, சால்டர் செய்த சர்க்யூட் போர்டுகளைப் படம் எடுக்கிறேன். ஒரு போர்டில் 24 இடம். கை ஓரிடத்துக்குப் போகும், நிற்கும், படம் எடுக்கும், அடுத்த இடத்துக்குப் போகும். கேட்க எளிதாக இருக்கும். சிக்கல் அந்த ‘நிற்கும்’ என்ற இடத்தில்தான். மோட்டார் நின்ற பிறகும் நுனி நிற்காது. பெல்ட்டும் பிளாஸ்டிக் உடம்பும் வில் மாதிரி வளைந்து நிமிர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எடுத்த படத்தில் சால்டர் விளிம்பெல்லாம் இரட்டையாகத் தெரியும்.

வேகத்தைச் சுழியத்திலிருந்து சட்டென்று முழு அளவுக்குத் தாவவிடும் ‘நேரடி’ முறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸ்டெப்பர் மோட்டாரால் ஓர் அளவுக்கு மேல் அப்படிக் கிளம்ப முடியாது. ‘கர்ர்’ என்று உறுமிவிட்டு இருந்த இடத்திலேயே நிற்கும். அந்த முறையை ஏன் மெனுவில் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது சரிவக முறை. வேகம் ஒரே சீராக ஏறும், மேலே சமமாக ஓடும், ஒரே சீராக இறங்கும். வரைந்து பார்த்தால் பள்ளியில் படித்த சரிவகம். அர்டுயினோக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் AccelStepper தருவதும் இதைத்தான். கையின் அடிமூட்டு 90 டிகிரி திரும்ப வேண்டும், உச்ச வேகம் நொடிக்கு 90 டிகிரி, முடுக்கம் 300 என்று வைத்தால், ஏற 0.3 நொடி ஆகும், மொத்தம் 1.3 நொடி. அது முடிந்ததும் ஆட்டம் அடங்க இன்னும் ஏறக்குறைய 0.8 நொடி சும்மா காத்திருக்க வேண்டும்.

எனக்கு எதிர்பாராத சந்தோஷம் கிடைத்தது இங்கேதான். முடுக்கத்தை 300-லிருந்து 360-க்கு ஏற்றினேன். ஆட்டம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். குறைந்தது, அதுவும் கண்ணுக்குத் தெரியும்படி.

காரணம் இது. கையை முழுதாக நீட்டி, கேமராவோடு, நுனியை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, போனில் நொடிக்கு 240 ஃபிரேம் வேகத்தில் வீடியோ எடுத்தேன். ஓர் ஆட்டம் முடிய 30 ஃபிரேம். அதாவது 8 ஹெர்ட்ஸ், ஓர் ஆட்டத்துக்கு 0.125 நொடி. முடுக்கம் தொடங்கும்போது கைக்கு ஓர் உதை விழுகிறது, முடுக்கம் முடியும்போது எதிர்த்திசையில் இன்னோர் உதை. இரண்டுக்கும் இடைவெளி ஆட்டக் காலத்தின் முழு மடங்காக இருந்தால் இரண்டாவது உதை முதல் உதையை அழித்துவிடும். முடுக்கம் 360 என்றால் ஏற 0.25 நொடி, சரியாக இரண்டு ஆட்டம். 300 என்றால் 0.3 நொடி, அதாவது 2.4 ஆட்டம். பாதி மடங்குக்குப் பக்கத்தில் விழுவதால் இரண்டு உதையும் சேர்ந்துகொண்டு ஆட்டிவிடும். இறங்கும்போதும் இதே கதைதான். மெதுவாகப் போனால் மென்மையாக இருக்கும் என்ற நினைப்பு இந்தக் கையிடம் செல்லாது.

ஆனால் இந்த வித்தை நீண்ட நகர்வுக்கு மட்டும்தான். போர்டில் ஓரிடத்திலிருந்து அடுத்த இடம் 20 மி.மீ. இருக்கும். 400 மி.மீ. நீட்டத்தில் அது 3 டிகிரிகூட இல்லை. அவ்வளவு சிறிய தூரத்தில் கை உச்ச வேகத்தைத் தொடுவதே இல்லை. பாதி தூரம் ஏறி, பாதி தூரம் இறங்கி, சரிவகம் முக்கோணமாகிவிடும். ஏறும் நேரம் 0.25-லிருந்து 0.09 நொடியாகச் சுருங்கிவிடுவதால் கணக்கு கெட்டுப்போகிறது. நகர 0.18 நொடி, ஆட்டம் அடங்க 0.8 நொடி. 24 இடத்துக்கும் இதே கூத்து.

இதற்குத்தான் எஸ்-கர்வ். முடுக்கமும் சட்டென்று தாவாமல், a/j நேரம் எடுத்துக்கொண்டு ஏறி இறங்கும். a என்பது முடுக்கம், j என்பது ஜெர்க், முடுக்கம் மாறும் வேகம். முடுக்கத்துக்கும் உச்ச வேகத்துக்கும் எட்டும் அளவு தூரம் இருந்தால் மொத்த நேரம் d/v + v/a + a/j. இதில் d தூரம், v உச்ச வேகம். சரிவகத்தைவிடக் கூடுதலாக ஆவது அந்தக் கடைசித் துண்டு மட்டும்தான். அந்த a/j-ஐ ஆட்டக் காலத்துக்குச் சமமாக, என் கையில் 0.125 நொடியாக, வைத்தால் ஆட்டம் ஏறக்குறைய முழுதுமாகச் செத்துவிடும். வேறு ஏதோ எண்ணை வைத்தால் பாதிதான் குறையும், மீதிக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆக எஸ்-கர்வ் இருக்கிறதா என்பதைவிட, அந்த ஒரு நேரத்தை நாமே வைக்க விடுகிறார்களா என்பதுதான் பெரிய கேள்வி.

சரி, இந்தக் கையில் விடுகிறார்களா? இல்லை. ‘மென்மை’ என்று ஒரு ஸ்லைடர். 1 முதல் 10 வரை. எத்தனை மில்லிநொடி, எவ்வளவு ஜெர்க், ஒன்றும் கிடையாது. மேனுவலில் ‘அதிக எண் = அதிக மென்மை’ என்று ஒரு வரி. ஜூஸ் கடையில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் ‘இனிப்பா இருக்கும்’ என்று சொல்வது போல. தயாரிப்பாளர்களிடம் கேட்டு எழுதினேன். பதிலாக அதே மேனுவலின் இணைப்பை அனுப்பி வைத்தார்கள்.

கோபம் அதோடு முடியவில்லை. ஸ்லைடரை 10-ல் வைத்தால் கை ஸ்டெப் தவற ஆரம்பித்தது, அதாவது மோட்டார் எடுக்க வேண்டிய அடிகளில் சிலவற்றை எடுக்காமல் விட்டு, கை தப்பான இடத்தில் நின்றது. 7 வரை ஒழுங்காக இருந்தது ‘அதிக மென்மை’யில் ஏன் தவற வேண்டும்? மோட்டார் டிரைவரின் STEP பின்னில் லாஜிக் அனலைசரை மாட்டி, பல்ஸ் இடைவெளியிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 10-ல் வைத்தாலும் ஏறும் நேரம் அதே 0.25 நொடிதான். மென்மையைக் கூட்டினால் நேரமும் கூட வேண்டும். இவர்கள் நேரத்தைக் கூட்டாமல், ஓரங்களை வழவழப்பாக்கிவிட்டு, நடுவில் முடுக்கத்தை ஏற்றியிருக்கிறார்கள். ஓரம் முழுக்கச் சரிவாகிவிட்டால், அதே நேரத்தில் அதே வேகத்தை எட்ட நடு உச்சம் இரண்டு மடங்காக வேண்டும்: 360 என்பது 720. ஸ்டெப்பரின் முறுக்குவிசையோ வேகம் கூடக் கூடக் குறையும். தவறாமல் என்ன செய்யும்? கண்காட்சியில் ‘வேகமாகவும் மென்மையாகவும்’ என்று காட்டுவதற்காகச் செய்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கையும் ஸ்டெப் தவறுகிறதா, இல்லை வெறும் பல் இடைவெளித் தளர்ச்சியா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மேசையில் ஒரு குறி போட்டு, கையை ஓட்டிவிட்டு, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அந்தக் குறிக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள். ஸ்டெப்பர் தவறினால் நான்கு நான்கு முழு ஸ்டெப்பாகத்தான் தவறும். 200 ஸ்டெப் மோட்டாரில் அது 7.2 டிகிரி. 10-க்கு 1 குறைப்பில் மூட்டில் 0.72 டிகிரி, 400 மி.மீ. நுனியில் 5 மி.மீ. ஆக, விலகல் 5, 10 என்று வந்தால் ஸ்டெப் தவறல். ஒரு மி.மீ. அங்குமிங்கும் என்றால் தளர்ச்சி. தளர்ச்சியை எந்த வேகக்கோடும் சரிசெய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் ஃபர்ம்வேரைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே எழுதினேன். கன்ட்ரோலர் போர்டு பூட்டப்படாமல் இருந்தது இந்தக் கையின் பெரிய நல்ல குணம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. புத்தகங்களில் வரும் ஏழு துண்டு எஸ்-கர்வை நான் எழுதவில்லை. அதில் ஜெர்க்கை நிலையாக வைத்தால் 3 டிகிரி நகர்வுக்கு அந்த 0.125 நொடி 0.08 ஆகச் சுருங்கிவிடும், சின்ன நகர்வில் மறுபடியும் ஆட்டம். அதற்குப் பதிலாக, சரிவகக் கணக்கு தரும் `p` என்ற நிலையை 5 மில்லிநொடிக்கு ஒருமுறை எடுத்து, கடைசி 25 மதிப்புகளின் சராசரியை மோட்டாருக்கு அனுப்புகிறேன். 25 × 5 = 125 மில்லிநொடி. சரிவகத்தை இப்படிச் சராசரி எடுத்தால் கிடைப்பதும் எஸ்-கர்வ்தான். தூரம் எவ்வளவு சிறியதானாலும் இந்த 125 மாறாது.

```
sum += p - buf[k];
buf[k] = p;
k = (k + 1) % 25;
target = sum / 25;
```

தொடங்கும் முன் `buf` முழுவதையும் கை இப்போது இருக்கும் நிலையால் நிரப்பி, `sum`-ஐ அதன் 25 மடங்காக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கை சுழியத்திலிருந்து கிளம்புவதாக நினைத்துக்கொண்டு பாயும்.

இப்போது அதே 20 மி.மீ. நகர்வுக்கு 0.31 நொடி, அதன்பின் காத்திருப்பு இல்லை. முன்பு ஏறக்குறைய ஒரு நொடி. ஒரு போர்டுக்கு 16 நொடி மிச்சம், படமும் தெளிவு.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கையை மடக்கினால் ஆட்டம் 14 ஹெர்ட்ஸாகிவிடுகிறது, நுனியில் எடை கூட்டினால் குறைகிறது. நான் எண்ணை மாற்றிக்கொண்டிருக்கவில்லை. முழுதாக நீட்டி, எடையோடு, மெதுவாக ஆடும் நிலையில் அளந்து அதையே வைத்துவிட்டேன். மடக்கிய நிலையிலும் அது ஆட்டத்தை எட்டில் ஒரு பங்காக்கிவிடுகிறது. தலைகீழாக, மடக்கிய நிலைக்கு அளந்த 71 மில்லிநொடியை வைத்துக்கொண்டு நீட்டினால் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும்.

ஆக நண்பருக்கு: நிரல் எழுத வராது, பெட்டியிலிருந்து எடுத்து ஓட்ட வேண்டும் என்றால் வேண்டாம். அந்த ஸ்லைடர் உங்கள் ஆயுளைக் குறைக்கும். மெக்கானிக்ஸ் நன்றாக இருக்கிறது, போர்டு திறந்திருக்கிறது, மோட்டார் சூடாவதில்லை, எல்லாம் உண்மைதான். இருந்தும் நான் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் தர மாட்டேன், அந்த இரண்டும் பூட்டாத போர்டுக்காக. இன்னொரு போர்டு வரிசைக்கு இதே கையை இந்தக் குறைந்த விலையில் நேற்று ஆர்டர் போட்டுவிட்டேன், கேமராவைவிட மலிவு.