ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டு இரண்டரை மணி நேரத்தில் வாந்தி: எங்களுக்கு நடந்ததும், கடைக்கார அம்மா எழுதிய பதிலும்

வெளியில் சாப்பிடும் எல்லோரும், குறிப்பாகக் குழந்தைகளோடு போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இந்தத் தப்பு எந்தச் சமையலறையிலும் நடக்கலாம், நம் வீட்டிலும்கூட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணிக்கு நான், மனைவி, எட்டு வயது மகள் மூவரும் ஆறே மேசை போட்ட ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். முன்பே நாலைந்து முறை போன கடைதான். மகளும் நானும் ஒரு ஃபிரைடு ரைஸைப் பகிர்ந்துகொண்டோம். மனைவி நூடுல்ஸ் சாப்பிட்டாள். சோறு ஆவி பறக்கச் சூடாக வந்தது. ருசியில் குறையில்லை, கெட்ட வாடையும் இல்லை. ஏதாவது சந்தேகம் தட்டியிருந்தால் குழந்தைக்குக் கொடுத்திருக்கவே மாட்டேன்.

மூன்றரை மணிக்கு மகள் முதல் வாந்தி எடுத்தாள். நாலேகாலுக்கு எனக்கு ஆரம்பித்தது. இரவு 9 மணிக்குள் அவள் ஏழு முறை எடுத்துவிட்டாள். கடைசியில் வெளியே வர ஒன்றுமே இல்லாமல் வெறும் குமட்டலில் உடம்பு துடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. காய்ச்சல் இல்லை. மனைவிக்கு ஒன்றுமே இல்லை.

மருத்துவர் முதலில் கேட்டது மூன்று கேள்விகள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, காய்ச்சல் உண்டா? ஆறு மணி நேரத்துக்குள், காய்ச்சலே இல்லாமல், வாந்தி மட்டும் பலமாக வந்தால், கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகியதைவிட, அது சாப்பாட்டிலேயே விட்டுச் சென்ற நச்சுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். சோறு என்றதும், "பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியாக இருக்கலாம். பரிசோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும், ஆனால் இந்த நச்சு கல்லீரலைப் பாதித்த அரிதான நிகழ்வுகளும் உண்டு என்று அவர் சொன்னபோது என் கை நடுங்கியது. நல்லவேளையாக, மறுநாள் காலையில் இருவரும் தேறிவிட்டோம்.

ஞாயிறு இரவே கடை எண்ணுக்கு, "உங்கள் சாப்பாட்டால் என் குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்று அனுப்பியிருந்தேன். கல்லாவில் இருந்தவர் யாரோ பதில் போட்டார்: "இங்கே எல்லாம் அன்றன்றைக்குச் செய்வதுதான் சார். வேறு எங்காவது ஏதாவது சாப்பிட்டிருப்பீங்க." படித்ததும் ஆத்திரம் தலைக்கேறியது. திட்டி ஒரு பக்கம் எழுதினேன். அனுப்புவதற்கு முன் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "டாக்டர் கேட்டதை அப்படியே எழுதுங்க, போதும்" என்றாள்.

அதனால் திங்கட்கிழமை காலையில் இதை மட்டும் எழுதினேன். 1 மணிக்குச் சாப்பிட்டோம். ஃபிரைடு ரைஸ் சாப்பிட்ட இருவருக்கும் வாந்தி, 3.30க்கும் 4.15க்கும். நூடுல்ஸ் சாப்பிட்டவருக்கு ஒன்றுமில்லை. காலையில் மூவரும் வீட்டில் ஒரே சாப்பாடுதான் சாப்பிட்டோம். காய்ச்சல் இல்லை. இதோடு, "அந்தச் சோறு எப்போது வடித்தது, ராத்திரி எதில் வைத்திருந்தீர்கள் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றும் கேட்டிருந்தேன்.

அரை மணி நேரத்தில் கடைக்கார அம்மாவே அழைத்தார். முதலில் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு, "தம்பி, எனக்கு இரண்டு நாள் கொடுங்க. தெரியாத ஒன்றுக்கு இல்லைன்னும் சொல்ல மாட்டேன், ஆமாம்னும் சொல்ல மாட்டேன்" என்றார். சமாளிப்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை வந்த பதிலை அவர் அனுமதியோடு கீழே தருகிறேன். நீளமானது, ஆனாலும் ஒரு வரியைக்கூட வெட்ட மனம் வரவில்லை.

"தம்பிக்கு, ஃபிரைடு ரைஸுக்கு முந்தின ராத்திரி வடித்த சோறுதான் எடுப்போம். ஆறிய சோறுதான் உதிரியாக வரும். அன்றன்றைக்குச் செய்வது என்று உங்களுக்குச் சொன்னது பொய். சொன்னது கல்லாவில் இருந்த என் கூடப்பிறந்த தம்பி. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மாஸ்டரிடம் கேட்டேன். வழக்கம்போலத்தான் செய்தேன், ஃபிரிட்ஜில்தான் வைத்தேன், மறுநாள் நன்றாக வறுத்துத்தான் கொடுத்தேன் என்றார். அவர் சொன்னது உண்மை. நானே தினமும் காலையில் தேக்சாவைத் தொட்டுப் பார்ப்பேன், சில்லென்றுதான் இருக்கும். அதனால் திங்கள் ராத்திரி, சனிக்கிழமை வடித்த அதே அளவு சோற்றை அதே பெரிய தேக்சாவில் வடிக்கச் சொன்னேன். 10.30க்கு வடித்து, மூடி, மேடையில் வைத்து, 12 மணிக்கு ஃபிரிட்ஜுக்குள் ஏற்றினோம். குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். ஐஸ் தண்ணீரில் விட்டால் 0 காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.

காலை 8.30க்கு ஓரத்தில் குத்தினேன், 9 டிகிரி. நடுவில் அடிவரை இறக்கிக் குத்தினேன், 43. நம்ப முடியாமல் எடுத்து மறுபடி குத்தினேன், அதே 43. பத்து மணி நேரம் கழித்தும் நடுச்சோறு வெதுவெதுப்பாக இருந்தது. கையை உள்ளே விட்டேன். குளிக்கிற வெந்நீர் போல இருந்தது. இத்தனை நாளாக நான் தொட்டுப் பார்த்தது பாத்திரத்தைத்தான், சோற்றை இல்லை.

முன்பு ஏன் இப்படி ஆகவில்லை என்று யோசித்தேன். இரண்டு மாதமாகத்தான் ஞாயிறு கூட்டத்துக்காகச் சனிக்கிழமை மட்டும் பெரிய தேக்சாவில் வடிக்கிறோம். மற்ற நாளெல்லாம் சின்னதுதான். இந்த இரண்டு மாதத்தில் 'வயிறு சரியில்லை' என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். என்ன சாப்பிட்டார்கள், எப்போது வந்தது என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள், இரண்டு பேரும் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள். உங்கள் சோறு மிச்சமில்லை, பரிசோதனைக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் நூற்றுக்கு நூறு இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் என் மனசுக்குச் சந்தேகமில்லை. எங்கள் தப்புதான்.

அன்றைக்கு ஃபிரைடு ரைஸ் பார்சல் வாங்கியவர்களில் நம்பர் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். பரிசோதித்த சோற்றை முழுவதும் கொட்டிவிட்டேன். நீங்கள் எங்களைப் பற்றி எழுதுவதாக இருந்தால் தாராளமாக எழுதுங்கள், தடுக்க மாட்டேன்."

இதை இரண்டு முறை படித்தேன். கோபம் முழுக்கப் போகவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பட்ட பாடு அப்படி. ஆனால் "43" என்று எழுதிய அந்த இடத்தில் அவரை நம்பினேன்.

"நன்றாக வறுத்துத்தானே கொடுத்தேன்" என்று மாஸ்டர் கேட்டது நியாயம்தான், பலரும் இதையே கேட்பார்கள். இந்தக் கிருமியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், கொதிக்க வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். சோறு ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரிக்குள் நீண்ட நேரம் கிடந்தால், அதிலும் வெதுவெதுப்பாகக் கிடந்தால், வித்து முளைத்துப் பெருகி நச்சைக் கக்குகிறது. வறுக்கும்போது கிருமி சாகலாம். நச்சு சாகாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும் நச்சு அது, வாணலியில் நாலு நிமிடம் புரட்டுவதற்கு என்ன ஆகப்போகிறது? அதற்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. சோறு சூடாக வந்ததே என்று நான் நம்பியது அதனால்தான் பயனில்லாமல் போயிற்று.

பெரிய பாத்திரத்தின் கணக்கையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். நடுவில் இருக்கும் சூடு சோற்றைக் கடந்துதான் வெளியே வர வேண்டும், சோறோ சூட்டை எளிதில் கடத்தாது. பாத்திரம் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி ஆற எடுக்கும் நேரம் ஏறக்குறைய நாலு மடங்காகிவிடும். சின்ன தேக்சாவில் தப்பித்துக்கொண்டிருந்த பழக்கம் பெரியதில் மாட்டிக்கொண்டது இப்படித்தான். ஃபிரிட்ஜில் ஒரு கோளாறும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு அவர் அழைத்ததால் போய்ப் பார்த்தேன். வடித்த சோற்றை அகலமான ட்ரேக்களில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கும்வரை ஃபேன் காற்றில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் ஏற்றினார்கள். ட்ரேயை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விட்டிருந்தார்கள், நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் மூடி. அமெரிக்க உணவு விதித்தொகுப்பு 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5க்கும் இறங்க வேண்டும் என்கிறது. அதையே சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். நான் நின்றிருந்தபோது இரண்டாவது மணியில் நடு ட்ரேயில் குத்தினார்கள், 18. மாஸ்டர் நோட்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாண்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கொட்டிடுவோம்" என்றார் அம்மா. கடந்த வாரம் ஒரு ட்ரே கொட்டியதும் நோட்டில் இருந்தது.

நீங்கள் எந்தக் கடையிலாவது இப்படி மாட்டிக்கொண்டால், தயவுசெய்து "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது ஆரம்பித்தது, கூட வந்தவர்களில் யாருக்கு வரவில்லை, அவர் என்ன சாப்பிட்டார் என்பதை எழுதிக் கொடுங்கள். மிச்சம் இருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். கடைக்காரர் மழுப்பினால் அதே தாளை உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுக்கலாம், அவர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். எங்களுக்கு முன் வயிறு சரியில்லை என்று சொன்ன அந்த இருவரில் ஒருவராவது இந்த விவரத்தைச் சொல்லியிருந்தால் என் மகளுக்கு அந்த இரவு வந்திருக்காது என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு மூவரும் அங்கே போனோம். மகள் நூடுல்ஸ் கேட்டாள், நானும் அதையே சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வைத்துவிட்டு, அந்த நோட்டைக் கொண்டுவந்து என் பக்கம் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.