எம்எஃப்ஏ: சொல்லாத ஒலிக்கும் கோடு போடும் மென்பொருள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "ழகரம் சொல்லிக்கொடுக்க நீங்க அந்த அலைனரைத்தானே வெச்சிருக்கீங்க? நானும் போட்டுக்கலாமா?" வாட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கே.

அந்த அலைனர்தான் எம்எஃப்ஏ எனப்படும் மான்ட்ரியல் ஃபோர்ஸ்டு அலைனர், இலவச மென்பொருள். ஒலிப்பதிவையும் அதில் பேசப்பட்ட வாக்கியத்தையும் ஓர் உச்சரிப்பு அகராதியையும் கொடுத்தால், ஒவ்வொரு ஒலியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துத் தரும். ஒலியைப் படமாகக் காட்டும் பிராட் என்ற மென்பொருளில் திறந்து பார்க்கலாம். இதெல்லாம் தெரிந்ததுதான்.

என் எரிச்சல் ஒன்றே ஒன்று. "இது இங்கே இல்லை" என்று சொல்ல இதற்கு வாயே கிடையாது. பனுவலில் "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று இருக்கிறது. பிள்ளை இயல்பாக "படிச்சிக்கிட்டிருக்கேன்" என்கிறான். வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள், தப்பே இல்லை. ஆனால் அலைனர் 'கிறேன்' முழுவதற்கும் கோடு போட்டுத் தருகிறது! வராத றகரத்துக்கும் ஒரு கட்டம், அதற்கு முன்னால் வராத இகரத்துக்கும் ஒரு கட்டம்.

காரணம் உள்ளே இருக்கிறது. ஒலியை 10 மில்லிசெகண்ட் துண்டுகளாகத்தான் அது பார்க்கும். ஒலிகளை அடையாளம் காண அது வைத்திருக்கும் வழக்கமான ஒலி மாதிரியில் ஒவ்வொரு ஒலிக்கும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது ஒரு துண்டு. ஆக, எந்த ஒலிக்கும் 30 மில்லிசெகண்டுக்குக் குறைவாக இடம் தர அதற்குத் தெரியாது. அகராதி கட்டாயப்படுத்தும் ஒலி பதிவில் இல்லையென்றால், பக்கத்து உயிரில் கொஞ்சம் கடித்து 30ஐ ஒதுக்கிவிடும்.

இதிலேயே ஒரு துப்பும் கிடைக்கிறது. சரியாக 0.03 நொடி நீளமுள்ள கட்டங்கள் இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தால், அங்கே பிள்ளை வேறு ஏதோ சொல்லியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு காதால் கேளுங்கள். பெரும்பாலும் மாட்டும். ஒற்றை 0.03ஐ நம்பாதீர்கள், 'மரம்' என்பதில் வரும் ரகரம் நிஜமாகவே அவ்வளவு குட்டியானது, சில சமயம் அதைவிடவும் குட்டி. மாதிரியை நாமே பழக்கினால் இப்படிப்பட்ட ஒலிகளுக்கு நிலைகளைக் குறைத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுமை இல்லை.

இனி நண்பர் கேட்ட ழகரம். இதற்கு எல்லோரும் சொல்லும் வழி, அகராதியில் ஒரே சொல்லுக்குப் பல உச்சரிப்புகளைக் கொடுப்பது:

```
பழம்  p a ɻ a m
பழம்  p a ɭ a m
பழம்  p a l a m
```

இதில் ɻ ழகரம், ɭ ளகரம், l லகரம். பதிவுக்கு எது அதிகம் பொருந்துகிறதோ அதை அலைனரே தேர்ந்தெடுக்கும். l என்று வந்தால் பிள்ளை 'பலம்' என்றான் என்று பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாதிரி எப்படிப் பழகியது? பலர் வாசித்த தமிழ்ப் பதிவுகளில், எழுத்தில் 'ழ' வரும் இடமெல்லாம் ழகரம் என்று நம்பிப் பழகியது. வாசித்தவர்களில் எத்தனை பேர் 'பளம்' என்றிருப்பார்கள்! அவர்களுடைய ளகரமும் மாதிரியின் ழகரத்துக்குள் கலந்து கிடக்கிறது. அதனால்தான் தெளிவான 'பளம்' சொன்ன பிள்ளைக்கும் அது ɻ என்று தலையாட்டுகிறது. போதாக்குறைக்கு, பெரியவர் குரலில் பழகிய மாதிரிக்குப் பிள்ளைக் குரல் புதிது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கோப்புறை வைத்து நிறையப் பேசவிட்டால் குரலுக்கு ஏற்பக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். ஒற்றைச் சொல் பதிவில் அதுவும் நடக்காது.

நியாயமாகச் சொல்வதென்றால், ஒரு விஷயத்தில் இது தங்கம். இங்குள்ள பிள்ளைகள் பலர் 'பட்டம்' என்பதை ஆங்கில 't' போட்டு அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். ட்ட என்பது நாக்கு அடைத்து நிற்கும் நேரம். அலைக்கோட்டில் அது ஒலியே இல்லாத வெற்றிடம். இரண்டு பக்கமும் உயிர், நடுவில் மௌனம் என்பதால் அலைனரின் கோடு அங்கே பிசகுவது குறைவு. ஆசிரியரின் 'பட்டம்' மேலே, பிள்ளையின் 'பட்டம்' கீழே என்று வைத்துக் காட்டினேன். "டீச்சர், உங்களோடது இவ்ளோ நீளமா?" என்று ஒருத்தி திரையில் விரலை வைத்து அளந்தாள். அடுத்த முறை அடைப்பு சரியாக வந்தது. நான் வாயால் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இருந்தாலும் நண்பருக்கு "வேண்டாம்" என்றுதான் பதில் போட்டேன். அவர் கேட்டது ழகரத்துக்கு. அதற்குப் பிராட் ஒன்றே போதும்: அது காட்டும் ஒலி நிறமாலையில் ஃபார்மன்ட் எனப்படும் கருத்த பட்டைகளில் மூன்றாவது இறங்கி இரண்டாவதை நெருங்கினால் ழ, ல சொன்னால் அப்படி இறங்காது. கோட்டைக் கையால் போட்டுக்கொள்ளட்டும். நான் என்னுடையதை அழிக்கப்போவதில்லை. இந்தச் சனிக்கிழமை 'பாடு', 'பாட்டு' பதிவுகளை அதில்தான் ஓட்டப்போகிறேன்.