செய்திப் பக்கம் புதுசு, கேம் பழசு: ஐயாயிரம் ரூபாய் போன கதை

சித்திரை வருட லீவுக்கு மட்டக்களப்பில் இருந்து சித்தியின் மகன் திருகோணமலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். போகும்போது, "அண்ணா, ரெண்டு பேரும் ஒன்லைனில் சேர்ந்து விளையாடுற மாதிரி ஒரு கேம் எடுப்பமா" என்று கேட்டான். கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் தேடி, படகு கட்டித் தீவு தீவாகப் போகும் ஒரு கேமைப் பிடித்தோம். பெயர் போட மாட்டேன், போட்டால் கதை வேறு பக்கம் போய்விடும். இலங்கைக்கு ஸ்டீமில் விலை டொலரில்தான் காட்டும். ஒரு பிரதி 9 டொலர், எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. கார்டில் வெட்டும்போது ஐயாயிரத்துக்கு மேல் போனது. அதற்கு மேல் 19 ஜிபி டவுன்லோட். இரவு 12 மணிக்குப் பிறகு கிடைக்கும் டேட்டாவில் மூன்று நாள் இறக்கினேன்.

வாங்க முதல் நான் பார்க்காமல் இல்லை, அதுதான் எரிச்சல். ஸ்டோர் பக்கத்தில் ரிவியூ "பெரும்பாலும் நல்லது" என்று இருந்தது, கடைசிச் செய்தி 12 நாள் முன்னால் வந்திருந்தது, வெர்ஷன் 1.0 தாண்டியிருந்தது. ஆட்கள் இன்னும் வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக் கொண்டேன்.

சுமார் 30 மணி நேரம் நன்றாகவே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் விளையாடிச் சேமித்து வைத்த சேவ் கோப்பைத் திறந்தால் கறுப்புத் திரை. திரும்பத் திறந்தேன், அதே கறுப்பு. சேவ் கோப்பைப் போய்ப் பார்த்தால் முதல் வாரத்தில் 4 எம்பி இருந்தது 180 எம்பி ஆகியிருக்கிறது. கேமின் கலந்துரையாடல் பகுதியில் `save` என்று தேடினேன். ஒரு விளையாட்டுக்காரர் காரணத்தையே கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார்: நாம் கீழே போடும் பலகை, மீன் எல்லாம் திரையில் இருந்து மறைந்தாலும் சேவில் இருந்து அழிவதில்லை, சேர்ந்து சேர்ந்து ஒரு அளவுக்கு மேல் கேமால் அதைத் திறக்க முடியாமல் போகிறது. அதன் கீழ் 60 பதில். டெவலப்பர் அடையாளத்தோடு வந்த பதில் ஒன்றே ஒன்று, "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று. அது நாங்கள் வாங்க 13 மாதம் முன்னால் எழுதியது.

ரீஃபண்ட் கேட்டேன், கிடைக்கவில்லை. ஸ்டீமின் விதி வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும் என்பது. இருபது மணிக்கு மேல் விளையாடினால்தான் வெளியே வரும் பிழைக்கு அந்த விதியால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே அப்படிப்பட்ட பிழையை வாங்க முதலே கண்டுபிடிக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

சரி, என்ன பார்த்திருக்க வேண்டும்? ஸ்டோர் பக்கத்தில் இருந்து கேமின் செய்திப் பகுதியைத் திறந்து, அங்கே உள்ள செய்திகளைத் தலைப்போடு நிறுத்தாமல் உள்ளே வாசித்தேன், காசு போன பிறகு. 13 மாதத்தில் ஒன்பது செய்தி. நாலு தள்ளுபடி அறிவிப்பு, ரெண்டு ரசிகர் படப் போட்டி, ஒன்று பின்னணி இசை விற்பனைக்கு வந்தது, ஒன்று நத்தார் வாழ்த்து, ஒன்று அவர்களின் அடுத்த கேமை விஷ்லிஸ்டில் போடச் சொல்லி. நான் "12 நாள் முன்னால்" என்று கண்டு மகிழ்ந்தது இந்தக் கடைசிச் செய்தியைத்தான்! கேமுக்குள் ஒரு வரி கூட மாறவில்லை.

அது உறுதியாகத் தெரிவது SteamDB என்ற தளத்தில். கேமின் பெயரைத் தேடித் திறந்ததும் மேலே `Last Record Update` என்று ஒரு திகதி தெரியும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஸ்டோர் படத்தை மாற்றினாலும் டேக் மாறினாலும் அந்தத் திகதி புதுசாகிவிடும். போக வேண்டியது `Depots`. அங்கே கேமின் வெவ்வேறு பதிப்புகள் கிளைகளாக இருக்கும், எங்களுக்கு வந்து சேர்வது `public` என்ற கிளை. அதன் நேரே உள்ள திகதிதான் கேமின் கோப்புகள் கடைசியாக மாறிய நாள். `Patchnotes` பகுதியில் அதற்கு முந்திய பில்டுகளும், அதாவது முன்பு வெளியிட்ட பதிப்புகளும், திகதியோடு வரிசையாக இருக்கும். எங்கள் கேமில் அந்த வரிசை இப்படி: 1.0 வந்து நாலாம் நாள் 1.0.1, ரெண்டு கிழமையில் 1.0.2, ஐந்தாம் கிழமையில் 1.0.3, அப்புறம் ஒன்றுமே இல்லை.

அந்த மூன்று பேட்ச் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. 1.0.1 இல் "சேவ் திறக்காத பிழை சரிசெய்யப்பட்டது". 1.0.2 இல் "சேவ் திறப்பது மேலும் மேம்படுத்தப்பட்டது". 1.0.3 இல் "அரிதாக ஏற்படும் சேவ் பிரச்சினை சரிசெய்யப்பட்டது". ஒரே பிழையை மூன்று தடவை சரிசெய்தோம் என்று எழுதினால் அது ஒரு தடவையும் சரியாகவில்லை என்றுதான் அர்த்தம், அதோடு ஒவ்வொரு தடவையும் சொல் மங்கிக்கொண்டே போகிறது பாருங்கள். காரணம் தெரிந்து திருத்தியவர், எந்த நிலையில் பிழை வந்தது, என்ன மாற்றினோம் என்று எழுதுவார். "பழைய பொருட்களைச் சேவில் இருந்து அழிக்கிறோம், உங்கள் பழைய சேவும் திறக்கும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

ஒரு கேள்வி வரும் என்று தெரியும்: அப்டேட் வராவிட்டால் கைவிட்ட கேமா? அப்படிச் சொல்ல முடியாது. Stardew Valley க்கு 1.5 வந்தது 2020 டிசம்பரில், 1.6 வந்தது 2024 மார்ச்சில். நடுவில் நீண்ட அமைதி, ஆனாலும் அந்த நேரம் வாங்கினவருக்கு முழுக் கேம் கையில் இருந்தது. No Man's Sky 2016 ஓகஸ்டில் திட்டு வாங்கிக்கொண்டு வெளிவந்தது, பெரும்பாலும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு நவம்பரில் பெரிய அப்டேட்டோடு வந்தார்கள். SteamDB பில்டு எங்களுக்கு வந்ததா என்று சொல்லும், உள்ளே வேலை நடக்கிறதா என்று சொல்லாது. அதனால் இப்போது நான் அமைதியின் நீளத்தை விட அமைதி தொடங்கிய நாளைத்தான் பார்க்கிறேன்: அன்றைக்குத் தெரிந்த பெரிய பிழை ஒன்று திறந்தபடி கிடந்ததா, அதற்குப் பிறகு தள்ளுபடிச் செய்தி மட்டும் வந்துகொண்டிருந்ததா. ரெண்டும் இருந்தால் விட்டுவிடுவேன்.

இன்னொன்று. ஏர்லி அக்சஸில், அதாவது வேலை முடிய முன்பே விற்பனைக்கு விட்ட நிலையில், உள்ள கேமுக்கு ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் இல்லையென்றால் ஸ்டீமே ஸ்டோர் பக்கத்தில் எச்சரிக்கை போடும், 2025 இல் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் 1.0 என்று அறிவித்து ஏர்லி அக்சஸில் இருந்து வெளியே வந்த கேமுக்கு அந்த எச்சரிக்கை வராது, எங்கள் கேம் போல. 1.0 என்ற இலக்கத்தைப் போடுவது டெவலப்பர்தான், யாரும் சோதித்துப் பார்த்துக் கொடுப்பதில்லை.

போன கிழமை உப்புவெளியில் இருக்கும் கூட்டாளி ஒருவன் அதே கேமின் படத்தை அனுப்பி, "மச்சான், 75 வீதம் குறைச்சிருக்கிறாங்கள், எடுக்கட்டா" என்று கேட்டான். திறந்து பார்த்தேன். `public` கிளையில் அதே 1.0.3, அதே திகதி. எடுக்காதே என்று அனுப்பிவிட்டு அந்த 60 பதில் உள்ள இடத்தையும் சேர்த்து அனுப்பினேன், இப்போது அங்கே 74.