"கேஸ் கம்மியா இருக்கு" என்று சொன்னால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள்

ஏசி ஓடுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் அறை குளிரவில்லை. இந்தப் புகாருக்கு வரும் மெக்கானிக்குகளில் பலர் கையோடு கேஸ் சிலிண்டரைக் கொண்டுவருகிறார்கள். ஒரு வீட்டில் தேவையே இல்லாமல் கேஸ் ஏற்றி, பணமும் வாங்கி, நன்றாக இருந்த இயந்திரத்தைக் கெடுத்துவிட்டுப் போன கதை இது. எந்த இடத்தில் ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் அடுத்தவர் தப்பிக்கலாம்.

ஒன்றரை டன் ஸ்ப்ளிட், இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண வகை, ஆர்-32 கேஸ். இரவில் போட்டால் முதல் ஒரு மணி நேரம் ஓரளவு குளிரும். பிறகு காற்று மெலிந்துபோகும், அறை புழுங்கும், சில நாள் இன்டோரிலிருந்து தண்ணீரும் சொட்டும். வந்த மெக்கானிக், "ஃபில்டர் கழுவுறீங்களா?" என்று கேட்டார். "மாதாமாதம் கழுவுகிறோம்" என்று வீட்டுக்காரர் சொன்னதும், இன்டோரைத் திறக்கவே இல்லை. நேராக அவுட்டோரில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டினார். முள் 80 பிஎஸ்ஐயில் நின்றது. "பாருங்க சார், 130 இருக்கணும். கேஸ் லீக் ஆயிடுச்சு" என்றார். லீக் எங்கே என்று தேடவில்லை. 130 வரும்வரை கேஸ் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் காட்டிய 80 பொய்யில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் பொய். கேஜில் அழுத்தம் குறைவாகத் தெரிய முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது இன்டோரில் குளிரும் குழாய்ச் சுருளான காயில் வழியாகப் போகும் காற்று குறைந்திருக்கலாம். அறைக் காற்றின் சூட்டில்தான் காயிலுக்குள் திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகிறது. காற்று போதாவிட்டால் சூடு கிடைக்காது, ஆவியாவது குறையும், அழுத்தம் இறங்கும். ஆர்-32 கேஸுக்கு 80 பிஎஸ்ஐ என்றால் காயிலின் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் சில டிகிரி கீழே. அதில் படியும் ஈரம் உறைந்து பனியாகி, மிச்சக் காற்றையும் அடைத்துவிடும். முதல் மணி நேரத்துக்குப் பிறகு காற்று மெலிந்ததும், பிறகு தண்ணீர் சொட்டியதும் இதனால்தான்.

ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது காற்றை அடைத்தது எது? ப்ளோயர். இன்டோரில் நீள உருளையாகச் சுழலும் விசிறிதான் அது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காற்று வெளியே வரும் இடத்தில் மடலை மெதுவாக விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் இதழ் ஒவ்வொன்றும் கரண்டிபோல உள்வளைந்திருக்கும். அந்த வளைவில் கம்பளிபோல அழுக்கு படிந்துவிட்டால், விசிறி அதே வேகத்தில் சுற்றும், சத்தமும் வரும், ஆனால் காற்றைத் தள்ளாது. இந்த வீட்டில் வளைவே தெரியாத அளவுக்கு அழுக்கு. ஃபில்டரைத் தாண்டிப் போன நுண்ணிய தூசி ஈரத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்வதால் இப்படி ஆகிறது. வீட்டில் ஃபில்டர் கழுவுவதால் இது போகாது. காயிலையும் ப்ளோயரையும் சேர்த்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ் செய்ய வேண்டும்.

கேஸ் ஏற்றிய பிறகு சில நாள் நன்றாகவே இருந்தது. ஏமாந்தது தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். அழுத்தம் கூடியதால் காயில் உறைவது நின்றது, அவ்வளவுதான். அழுக்கு அப்படியே இருந்தது. அடுத்து வேறொருவரை வைத்து இன்டோரை முழுசாகக் கழுவினார்கள். காற்று பலமாக வந்தது, ஆனால் குளிர் முன்பைவிடக் குறைந்துவிட்டது! இப்போது கேஜ் 165 காட்டியது. அவுட்டோரில் ஒட்டியிருக்கும் விவரத் தகடு 7.2 ஆம்பியர் என்று சொல்ல, கிளாம்ப் மீட்டரில் 8.6 ஓடியது. மூன்றாவதாக வந்தவர் செய்ததுதான் சரியான வேலை. கேஸை ரெக்கவரி இயந்திரத்தால் வெளியே எடுத்துத் தராசில் நிறுத்தார். தகட்டில் எழுதியிருந்தது 800 கிராம். வெளியே வந்தது 1 கிலோ 50 கிராம். லீக் ஆகியிருந்தால் இவ்வளவு எப்படி வரும்? ஆரம்பத்தில் கேஸ் குறையவே இல்லை. இப்படிக் கூடுதல் கேஸோடு மாதக்கணக்கில் ஓடினால், ஆவியாகாத திரவம் கம்ப்ரசருக்குள் போய் அதையே பழுதாக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியது இது. ஏசியைக் குறைந்த வெப்பநிலையில் வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரால் இன்டோரின் மேலே உள்ளே போகும் காற்றையும், கீழே வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் சுமார் 8 முதல் 12 டிகிரிவரை இருந்தால் பொதுவாகச் சரி. இந்த வீட்டில் முதலில் உள்ளே 29, வெளியே 11. அதாவது 18 டிகிரி வித்தியாசம், ஆனால் கையில் பட்டும் படாத காற்று. வித்தியாசம் மிக அதிகமாக இருந்து காற்று மெலிந்திருந்தால் கேஸ் பிரச்சினை இல்லை, காற்று அடைப்பு. காற்று பலமாக வந்தும் வித்தியாசம் நாலைந்து டிகிரிதான் என்றால் கேஸைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் அவுட்டோரில் கம்ப்ரசர் ஓடுகிறதா என்று கேளுங்கள். கம்ப்ரசரைக் கிளப்ப உதவும் கபாசிட்டர் போய்விட்டால் விசிறி மட்டும் சுற்றும், கம்ப்ரசர் கிளம்பாது. அதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை.

அவுட்டோரில் குழாய்கள் சேரும் நட்டுகளையும் பாருங்கள். கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் பெரும்பாலும் மெல்லிய குழாயின் நட்டில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும், தடித்த குழாய் குளிராமல் இருக்கும். காற்று அடைப்பு என்றால் தடித்த குழாய்தான் சில்லென்று வியர்க்கும். முற்றினால் அதிலேயே பனி ஏறும்.

கேஸ் எரிபொருள்போலத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. "வருஷத்துக்கு ஒருமுறை டாப்-அப் பண்ணணும்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உண்மையிலேயே லீக் என்றால் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். குழாய் சேரும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு தெரியும், சோப்பு நுரை போட்டால் குமிழி வரும். அதைச் சரிசெய்து, நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்கவில்லை என்று பார்த்து, வேக்யூம் பம்ப்பை அரை மணி நேரமாவது ஓட்டி, பிறகுதான் தகட்டில் எழுதிய எடைக்குத் தராசு வைத்து ஏற்ற வேண்டும். குழாய் வழக்கத்தைவிட நீளமாக இருந்தால் மட்டும், கம்பெனி சொன்ன கணக்குப்படி கொஞ்சம் கூடுதலாக ஏற்றலாம்.

கம்ப்ரசரை நிறுத்திவிட்டு கேஜைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். நின்ற நிலையில் உள்ளே சிறிதளவு திரவம் மிச்சம் இருந்தாலே, 30 டிகிரியில் ஆர்-32 கேஸின் அழுத்தம் 265 பிஎஸ்ஐ அளவில் நிற்கும். பாதி கேஸ் போயிருந்தாலும் அதேதான், முழுசாக இருந்தாலும் அதேதான். தராசு இல்லாமல் வருபவரிடம், சிலிண்டரைத் திறப்பதற்கு முன்பே, எத்தனை கிராம் ஏற்றப்போகிறீர்கள், அதை எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள். பில்லில் அந்த எடையையும் லீக் இருந்த இடத்தையும் எழுதித் தர மறுத்தால் வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள்.