ஒரே ஃபைலா, ஆப்புக்கு ஒன்றா: செங்குத்து வீடியோவில் எழுத்து மறையாமலிருக்க

கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னங்கன்று நர்சரிகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கிறேன். தமிழ், மலையாளம் இரண்டும் திரையில் இருக்க வேண்டும், அதே வீடியோ ரீல்ஸ், ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என மூன்று இடத்துக்கும் போகும். இதற்கு வழி இரண்டுதான். ஒவ்வொரு ஆப்பின் பட்டன்களைப் பார்த்துத் தனித்தனியாக எழுத்தை நகர்த்தி எக்ஸ்போர்ட் செய்யலாம், அல்லது எல்லாவற்றிலும் கண்டிப்பான ஆப்புக்குத் தக்கபடி ஒரே ஃபைலாக முடிக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

தனித்தனி ஃபைலில் லாபம் இல்லாமல் இல்லை. ஷார்ட்ஸில் கீழே சேனல் பெயரும் தலைப்பும் மட்டும் வருவதால் எழுத்தைக் கொஞ்சம் இறக்கலாம், முகத்தைப் பெரிதாக வைக்கலாம். ஸ்டேட்டஸில் வலப்பக்க பட்டன் வரிசையே கிடையாது, மேலே பெயரும் கீழே பதில் எழுதும் பெட்டியும்தான். இடம் தாராளம், பார்க்கவும் அழகு.

ஆனால் கன்று விலை மாறும். விலை மாறினால் மூன்று ஃபைலையும் திறந்து, தமிழ் வரி, மலையாள வரி இரண்டையும் மாற்றி, மறுபடி மூன்று எக்ஸ்போர்ட். இது போதாதென்று ஏதோ ஒரு ஆப் திடீரென பட்டனை இடம் மாற்றும், அதற்கென்று அளந்து வைத்த ஃபைல் அன்றோடு வீண். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இந்தப் பராமரிப்புச் சுமைதான், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, ஒரே ஃபைலுக்கு அளவு எப்படி? சட்டகம் 1080 அகலம், 1920 உயரம். ரீல்ஸ் விளம்பரத்துக்கு மெட்டா சொல்லும் கணக்கு மேலே 14%, கீழே 35%, பக்கவாட்டில் 6% காலியாக விடச் சொல்கிறது. அதாவது மேலே 270, கீழே 670 பிக்சல். சாதாரண ரீல்ஸுக்கும் இதையே பிடித்துக்கொள்கிறேன், கேப்ஷன் கொஞ்சம் நீண்டாலும் பயமில்லை. மேலே மட்டும் 300 ஆக்குகிறேன், ஏனென்றால் 4:5 அளவுக்கு வெட்டிக் காட்டும் இடத்தில் மேலும் கீழும் 285 போய்விடும், 270 விட்டால் முதல் வரியின் தலை வெட்டுப்படும். பக்கவாட்டில் 6% எனக்குப் பற்றாது. 20:9 போனில் திரையை நிரப்பும்படி வீடியோவைப் பெரிதாக்கினால் இருபுறமும் 108 பிக்சல் வெளியே போகும், அதனால் 120 விடுகிறேன். வலப்பக்க லைக், கமெண்ட், ஷேர் வரிசைக்கும் அது பெரும்பாலும் போதும். மிஞ்சுவது 840 அகலம், மேலிருந்து 300 முதல் 1250 வரை.

இந்தக் கட்டத்தின் நடு சட்டகத்தின் நடுவில் இல்லை, ஏறக்குறைய 185 பிக்சல் மேலே இருக்கிறது. எடிட்டிங்கில் எழுத்தை மட்டும் நகர்த்தி இதைச் சமாளிக்க முடியாது, கேமரா வைக்கும்போதே பார்க்க வேண்டும். சாவக்காடு குட்டை ரகத் தென்னங்கன்றைக் காட்டும் ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நர்சரிக்காரர் கன்றைத் தரையில் வைத்துக்கொண்டு பேசினால் கன்று முழுக்க கேப்ஷனுக்குள் போய்விடும். "சேட்டா, நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பிடிங்க" என்பேன். தலைக்கு மேல் சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வெறும் வானமோ ஓலையோ இருக்கும்படி விடுவேன். கேமரா திரையில் இது அசிங்கமாகத்தான் தெரியும், ஏன் இவ்வளவு கீழே நிற்கிறேன் என்று அவரே கேட்பார். அந்த இடத்தில் 300 முதல் 560 வரை ரகத்தின் பெயர் தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி, கீழே விலை. அதற்குக் கீழே முகம், கன்று. 1250க்குக் கீழே வேட்டியும் மண்ணும், அதன்மேல் என்ன வந்து உட்கார்ந்தாலும் கவலையில்லை.

எழுத்தளவு 64 வைத்தால் 840 அகலத்தில் தமிழில் சுமார் 14, 15 எழுத்து நிற்கும். மலையாள வரி இன்னும் நீளும், அளவைக் குறைக்காமல் சொல்லைக் குறைப்பதே மேல்.

சரிபார்க்க, 1080க்கு 1920 அளவில் விளிம்புகளில் சிவப்பு பூசிய, நடுவில் ஒன்றுமில்லாத PNG படத்தை எடிட்டரின் மேல் லேயரில் வைத்துவிட்டு, எக்ஸ்போர்ட்டுக்கு முன் மறைத்துவிடுவேன். யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றி, நீளமான போனிலும் பழைய குட்டைப் போனிலும் பார்ப்பேன். ஆப் தானாகப் போடும் சப்டைட்டிலையும் ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிடுங்கள், அது நம் எழுத்தின் மேலேயே ஏறி நிற்கும் வாய்ப்பு உண்டு.

ஷார்ட்ஸ் மட்டுமே போடுபவருக்கு இவ்வளவு இடத்தை வீணாக்கத் தேவையில்லை, அவர் தாராளமாக அதற்கென்றே அளக்கலாம். பணம் கட்டி விளம்பரம் ஓட்டுவதில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே கீழே கூடுதலாக ஒரு பட்டன் வரும், தனி ஃபைல் செய்வது ஒருவேளை கட்டுப்படியாகலாம்.